பிளாக் செய்த பிறகும் கார்டில் ஏறும் தொகை: யார் பொறுப்பு?

“சனிக்கிழமை ராத்திரியே பிளாக் பண்ணிட்டேன். செவ்வாய்க்கிழமை எப்படி சார் பணம் எடுத்தீங்க?”

வங்கியில் கார்டு தகராறுகளைப் பார்க்கும் மேசையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இந்தக் கேள்வி மனப்பாடம். கேட்பவர்கள் பொய் சொல்வதில்லை. பிளாக் செய்தது உண்மை, அதற்குப் பிறகு தொகை ஏறியதும் உண்மை. ஆனால் இரண்டையும் சேர்த்து “உங்கள் பிளாக் வேலை செய்யவில்லை” என்று எடுக்கிற முடிவு மட்டும் தவறு. அந்தத் தவறைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவதிலேயே நாட்கள் ஓடிவிடுகின்றன. இந்த விஷயத்தில் நாட்கள்தான் பணம்.

சமீபத்தில் முடிந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கிரெடிட் கார்டு, லிமிட் இரண்டு லட்சம். உரிமையாளர் ஒரு பெண். வெளியூர்ப் பயணம் முடிந்து சனிக்கிழமை மாலை பஸ்ஸில் திரும்பும்போது பர்ஸ் தொலைந்தது. 7.52க்கு ஒரு பெட்ரோல் பங்கில் யாரோ கார்டைத் தட்டி 3,000 ரூபாய். 8.10க்கு ஒரு சூப்பர் மார்க்கெட்டில் 4,640 ரூபாய், அதுவும் தட்டியதுதான். 8.31க்கு ஒரு மொபைல் கடையில் 18,500 ரூபாய்க்கு முயற்சி. பின் நம்பரைத் தவறாகப் போட்டதால் நிராகரிப்பு. அந்த எஸ்எம்எஸ் வந்தபோதுதான் அவர் பையைத் தேடினார். 8.46க்கு வங்கி எண்ணுக்கு அழைத்து, “கார்டு தொலைந்தது” என்ற தேர்வை அழுத்தி பிளாக் செய்தார். 9.20க்கு இன்னொரு முயற்சி நடந்தது. பிளாக் காரணமாக அது நிராகரிக்கப்பட்டது.

ஆக, பிளாக் ஒழுங்காக வேலை செய்திருக்கிறது. ஆனால் செவ்வாய்க்கிழமை கணக்கில் மூன்று தொகைகள் ஏறின: பங்க், சூப்பர் மார்க்கெட், வெள்ளிக்கிழமை அவரே தங்கிய ஹோட்டலின் 4,850. மூன்றுக்கும் எதிரே பிளாக்குக்குப் பிந்தைய தேதி.

இங்கேதான் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். கடையில் கார்டைத் தட்டும் நொடியில் நடப்பது ஒப்புதல். உங்கள் வங்கி “சரி, கொடுக்கிறேன்” என்று ஒரு ஒப்புதல் எண்ணைத் தந்து, அந்தத் தொகையை உங்கள் லிமிட்டில் நிறுத்தி வைக்கிறது. ஆப்பில் ‘பெண்டிங்’ என்று காட்டுவது இதைத்தான். கடைக்காரர் பொருளைக் கொடுத்து அனுப்பிவிட்டார். அவருடைய வங்கி அன்றைய கணக்கைத் திரட்டி விசா, மாஸ்டர்கார்டு, ரூபே வழியாக நமக்கு அனுப்பிப் பணம் கேட்பது அப்புறம்தான். நடுவே ஞாயிறோ பண்டிகையோ வந்தால் இன்னும் தள்ளிப்போகும். அப்படிக் கேட்டு வரும்போது கணக்கில் ஏறுகிற தேதிதான் நீங்கள் பார்க்கும் செவ்வாய்க்கிழமை.

பிளாக் என்பது இனிமேல் கேட்கப்படும் ஒப்புதலுக்கு மட்டும் ‘இல்லை’ என்று சொல்லும். ஏற்கெனவே கொடுத்த ‘சரி’யைத் திரும்ப வாங்காது. “பெண்டிங்தானே, கேன்சல் பண்ணிடுங்க” என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். கடைக்காரர் தானே ரத்து செய்தால் உண்டு, அல்லது அவர் பணம் கேட்டு அனுப்பாமலே விட்டால் நிறுத்தி வைத்த தொகை சில நாட்களில் தானாக விடுபடும். எங்கள் பக்கம் அழிக்கும் பட்டன் எதுவும் இல்லை.

ஆகவே, யார் பொறுப்பு என்பதைக் கணக்கில் ஏறிய தேதி முடிவு செய்யாது. ஒப்புதல் எத்தனை மணிக்கு, நீங்கள் தகவல் சொன்னது எத்தனை மணிக்கு: இந்த இரண்டு நேரங்கள்தான் பேசும். ஸ்டேட்மென்டில் பெரும்பாலும் நேரம் இருக்காது, எஸ்எம்எஸ்ஸில் இருக்கும். அதனால் எஸ்எம்எஸ்ஸை அழிக்காதீர்கள். அந்தப் பெண்ணின் கார்டில் 9.05க்கு ஒரு ஒப்புதல் போயிருந்தால் அது முழுக்க வங்கியின் தலையில்தான் விழும், விவாதமே கிடையாது. தகவல் சொன்ன பிறகு நடக்கும் நஷ்டம் வங்கியுடையது என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை தெளிவாகச் சொல்கிறது. ஆனால் 7.52ம் 8.10ம் அந்த வரியில் அடங்காது.

அப்படியானால் அவை உங்கள் தலையிலா? அவசரப்படாதீர்கள். அதே சுற்றறிக்கை இன்னொன்றும் சொல்கிறது. தவறு வங்கியிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை, வேறெங்கோ என்றால், அந்தப் பரிவர்த்தனை பற்றி வங்கியின் தகவல் உங்களுக்கு வந்ததிலிருந்து மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் உங்கள் பொறுப்பு பூஜ்யம். தகவல் வந்த நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நான்கு முதல் ஏழு வேலை நாட்கள் ஆகிவிட்டால் ஓர் உச்சவரம்பு வரை உங்கள் பொறுப்பு. சாதாரண சேமிப்புக் கணக்குக்கும் ஐந்து லட்சம் வரை லிமிட் உள்ள கிரெடிட் கார்டுக்கும் அது 10,000 ரூபாய். ஏழு நாளும் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி.

‘உச்சவரம்பு 10,000’ என்றதும் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். முழு வரியையும் படியுங்கள்: ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் அதன் தொகை அல்லது உச்சவரம்பு, எது குறைவோ அது. பின் இல்லாமல் தட்டுவதற்கு ஒரு முறைக்கு 5,000 தான் எல்லை. ஆகவே தட்டி எடுத்த பணத்தில் நாலாவது நாள் புகார் கொடுத்தால், அந்த உச்சவரம்பு உங்களுக்கு ஒரு ரூபாய்கூடக் காப்பாற்றித் தராது. 3,000ம் போகும், 4,640ம் போகும், மொத்தம் 7,640.

அந்தப் பெண் கிட்டத்தட்ட அங்கேதான் போய் நின்றார். சனிக்கிழமை எஸ்எம்எஸ் வந்தது, திங்கள் முதல் நாள், புதன் மூன்றாவது. திங்களன்று அவர் ஒரு கிளையில் கேட்டிருக்கிறார். “இன்னும் பெண்டிங்கில் இருக்கும்மா, கணக்கில் ஏறட்டும், அப்புறம் வாங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். செவ்வாயன்று ஏறியதைப் பார்த்துக் கோபத்தில் “உங்கள் பிளாக் வசதி பழுது” என்று மெயில் அனுப்பினார். அது தொழில்நுட்பப் புகார் வரிசைக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. “இந்த இரண்டு பரிவர்த்தனைகளும் நான் செய்தவை அல்ல” என்ற வாக்கியம் எங்கள் மேசைக்கு வந்தது வெள்ளிக்கிழமை. ஐந்தாவது வேலை நாள்.

கிளையில் சொன்னது பாதி உண்மை. கணக்கில் ஏறாத தொகைக்குக் கடைக்காரரின் வங்கியிடமிருந்து பணத்தைத் திரும்பக் கேட்கும் சார்ஜ்பேக்கை நாங்கள் தொடங்க முடியாது. அது எங்கள் வேலையின் எல்லை. உங்கள் புகாருக்கு அந்த எல்லை கிடையாது. பெண்டிங்கில் இருக்கும்போதே புகாரைப் பதிவு செய்து எண் வாங்கலாம், வாங்க வேண்டும். யாராவது “அப்புறம் வாங்க” என்றால் அங்கேயே நின்றுகொண்டு மெயில் அனுப்புங்கள்.

பிளாக் செய்வது வேறு, தகராறு எழுப்புவது வேறு என்பதை எத்தனை முறை சொன்னாலும் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. பட்டனை அழுத்தினால் கார்டு நிற்கும், அவ்வளவுதான். எந்தத் தொகை உங்களுடையது இல்லை என்று இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? ஆப்பில் உள்ள தற்காலிகப் பூட்டு இன்னும் மோசம். கார்டு தொலைந்தது என்றே அது வங்கியிடம் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த வழக்கில் சனிக்கிழமை 8.46 அழைப்பின் பதிவு இருந்தது. கார்டு தொலைந்தது என்று அன்றே சொன்னதை, அதற்கு முன் நடந்த தட்டல்களுக்கான புகாராகவும் எடுத்துக்கொள்ளலாம் என்று வாதிட இடம் இருந்தது, எடுத்துக்கொண்டோம். 7,640 திரும்பக் கிடைத்தது. எல்லா வங்கியிலும் எல்லா மேசையிலும் இப்படித்தான் முடியும் என்று நான் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டேன். “பர்ஸைத் தொலைத்தது உங்கள் கவனக்குறைவுதானே” என்று கேட்கும் மேசைகளும் உண்டு. அப்படிக் கேட்டால், வாடிக்கையாளர் மீது பொறுப்பை நிரூபிக்கும் சுமை வங்கியுடையது என்று அதே சுற்றறிக்கை சொல்வதை நினைவூட்டுங்கள். பரிவர்த்தனை எப்படி நடந்தது என்றும் கேளுங்கள். எங்கள் பதிவில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நுழைவுக் குறி இருக்கும்: 05 என்றால் சிப்பைச் செருகியது, 07 என்றால் தட்டியது. 07ஆக இருந்து பின் கேட்கப்படவில்லை என்றால், பின்னைப் பாதுகாக்கவில்லை என்று உங்களைக் குற்றம் சொல்ல முடியாது.

பின் போட்டு எடுத்திருந்தால் கதை வேறு. பின்னைப் பகிர்ந்தது போன்ற கவனக்குறைவு உங்களுடையது என்றால், தகவல் சொல்லும்வரை ஆன முழு நஷ்டமும் உங்களுடையது. பின்னை ஒரு சீட்டில் எழுதி, கார்டோடு அதே பர்ஸில் வைக்கிறீர்களே, அந்தச் சீட்டை இன்றைக்கே கிழித்துப் போடுங்கள், தயவுசெய்து.

அந்த ஹோட்டல் 4,850? அதையும் சேர்த்து மூன்றையும் மறுத்திருந்தார். வெள்ளிக்கிழமை செக்-இன்னில் 6,000 நிறுத்தி வைத்து, பிறகு உண்மையான பில்லுக்குப் பணம் கேட்டிருக்கிறார்கள். தொகை மாறியிருந்தது, தேதியும் பிந்தியது, அதனால் திருட்டு என்று நினைத்துவிட்டார். கார்டு தொலைவதற்கு முன் நீங்களே செய்த ஹோட்டல், வாடகைக் கார், ஆன்லைன் ஆர்டர் எல்லாம் இப்படித்தான் பின்னால் வந்து ஏறும். அவற்றுக்கு நீங்கள்தான் பணம் கட்ட வேண்டும். எல்லாவற்றையும் மறுத்தால், உண்மையான இரண்டு புகார்களும் சந்தேகத்துக்குள்ளாகும்.

அழைத்து பிளாக் செய்த கையோடு, அதே இரவில், மெயிலில் இவ்வளவு எழுதினால் போதும்: “என் கார்டு (கடைசி நான்கு எண்கள்) தொலைந்தது. இன்று 8.46க்கு பிளாக் செய்தேன், கோரிக்கை எண் இது. 7.52க்கு 3,000, 8.10க்கு 4,640 ஆகியவை நான் செய்தவை அல்ல. இப்போது பெண்டிங்கில் உள்ளன. கணக்கில் ஏறினாலும் இதையே என் புகாராகக் கொள்ளவும்.” போலீஸ் புகார் இல்லாமல் பிளாக் செய்ய மாட்டோம் என்று யாரும் சொல்லக் கூடாது, சடங்குகள் பின்னால் வரலாம். மோசடியாகப் பணம் போயிருந்தால் 1930க்கும் அழையுங்கள்.

தகவல் சொன்ன பத்து வேலை நாட்களுக்குள் அந்தத் தொகையை வங்கி தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். 90 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தீரும்வரை அந்தத் தொகைக்கு வட்டியோ அபராதமோ போட்டால், அதைத் தனிப் புகாராக எழுதுங்கள். வங்கி மறுத்தாலோ, 30 நாட்களாகியும் பதில் தராவிட்டாலோ, cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஆனால் அங்கேயும் முதலில் கேட்பது வங்கிக்குக் கொடுத்த புகாரின் நகலைத்தான்.