ஸ்வெட்டர் ஏன் சுருங்குகிறது, தாம்பூலப் பை ஏன் கிழிகிறது

சத்துவாச்சாரியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கம்பளி ஸ்வெட்டரை வாஷிங் மெஷினில் போட்டாராம், பையனுக்குக்கூடப் பத்தாத அளவுக்குச் சுருங்கி அட்டை மாதிரி ஆகிவிட்டதாம். அதே வாரம் கல்யாண வீட்டில் கொடுத்த தாம்பூலப் பை, தேங்காயைத் தாங்காமல் பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் காது பிய்ந்துவிட்டது. இரண்டும் துணிதானே, ஒன்று இப்படி இறுகுகிறது, இன்னொன்று இப்படிப் பிரிகிறதே என்பது அவர் கேள்வி. இழைகள் ஒன்றையொன்று எப்படிப் பிடித்துக்கொள்கின்றன என்று தெரிந்தால் இரண்டுக்கும் பதில் கிடைத்துவிடும்.

நெய்த துணியைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல வேண்டாம், குடியாத்தத்தில் தறிச் சத்தத்தோடு வளர்ந்தவர்கள் நிறையப் பேர் இதைப் படிப்பீர்கள். பஞ்சை முறுக்கினால் நூல், நூலைப் பாவும் ஊடையுமாகக் கோத்தால் துணி. தாம்பூலப் பை மாதிரியான நெய்யாத துணியில் நூல் என்ற கட்டமே கிடையாது. இழைகளை நேரடியாக மெத்தை போலப் பரப்பிவிட்டு, அந்தப் பரப்பை எப்படியாவது பிரியாமல் நிறுத்த வேண்டும். அந்த ‘எப்படியாவது’தான் விஷயம்.

இதில் மிகப் பழையது, கம்பளி இழைகளை அழுத்தி உருட்டி இறுக்கிச் செய்யும் ஃபெல்ட். எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான், ஏனென்றால் அதில் பிடிப்பை மனிதன் செய்வதில்லை, இழையே செய்துகொள்கிறது. இதைப் பார்க்க ஆடு வேண்டாம். தலையிலிருந்து நீளமான ஒரு முடியை வேரோடு எடுத்து, கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே நீளவாக்கில் வைத்து, விரல்களை முன்னும் பின்னுமாகத் தேயுங்கள். இரண்டு பக்கமும் சமமாகத்தான் தேய்க்கிறீர்கள், ஆனால் முடி ஒரே பக்கமாக ஊர்ந்து போகும். முடியைத் திருப்பி வைத்தால் ஊர்வதும் திரும்பிவிடும். எப்போதும் வேர்ப்பக்கம்தான் முன்னால் போகும்.

முடியின் மேல் நுண்ணிய செதில்கள் இருக்கின்றன, எல்லாம் நுனியைப் பார்த்தபடி ஒன்றன் மேல் ஒன்றாகப் படிந்தவை. வேரிலிருந்து நுனி நோக்கித் தடவினால் வழுக்கும், நுனியிலிருந்து வேர் நோக்கித் தடவினால் செதில் விளிம்பு மாட்டும். வேட்டியில் ஒட்டும் ஊசிப்புல்லைக் கவனித்திருப்பீர்கள், நடக்க நடக்க உள்ளேதான் ஏறும், தானாக வெளியே வராது. அதே கணக்குதான். நயமான கம்பளி இழை ஒன்றின் குறுக்களவு சுமார் 20 மைக்ரான், அதில் செதில் விளிம்பு ஒரு மைக்ரான் அளவுக்கு எழுந்து நின்றால் அதிகம். அந்தச் சின்ன விளிம்பு போதும்.

இப்போது ஒரு கைப்பிடி கம்பளியைப் பரப்பி அழுத்தி உருட்டுங்கள். ஒவ்வோர் அழுத்தத்திலும் ஒவ்வோர் இழையும் தன் வேர்ப்பக்கமாகத் துளி நகரும், கையை எடுத்தால் பழைய இடத்துக்குத் திரும்ப முடியாது. வேர்கள் எல்லாத் திசையிலும் கிடப்பதால் ஒன்று கிழக்கே போகும், ஒன்று மேற்கே போகும், போகும் வழியில் பக்கத்து இழைகளைச் சுற்றி வளைத்து இழுத்துக்கொண்டே போகும். மொத்தத்தில் நடப்பது ஒன்றே ஒன்று, இறுக்கம். தளர்வதற்கு வழியே கிடையாது. பின்னிய ஸ்வெட்டரின் இழைகளுக்கும் மெஷினில் இதேதான் நடக்கிறது, அதனால்தான் சுருங்கிய ஸ்வெட்டரை இழுத்தாலும் இஸ்திரி போட்டாலும் பழைய அளவு வருவதில்லை.

வெந்நீரும் சோப்பும் எதற்கு என்றால், நனைந்த இழை உப்பி மெத்தென்று வளையும், சூட்டில் நீண்டு சுருங்குவது சுலபமாகும், சோப்பு பயணத்தை எளிதாக்கும். ஆனால் ஆட்டம் இல்லாமல் இவை மட்டும் பெரிதாக எதுவும் செய்யாது. ஸ்வெட்டர் விஷயத்தில் எல்லோரும் வெந்நீரைத்தான் திட்டுகிறார்கள், என் கணக்கில் முதல் குற்றவாளி மெஷின் டிரம் போடும் ஆட்டம்தான். காஷ்மீரில் நம்தா விரிப்பு செய்பவர்கள் இதையேதான் வேண்டுமென்றே செய்கிறார்கள், சிக்கெடுத்த கம்பளியைப் பரப்பி, சோப்புத் தண்ணீர் தெளித்து, பாயில் சுருட்டி உருட்டுவார்கள். நம் பக்கத்து மெட்ராஸ் ரெட், மேச்சேரி ஆடுகளுக்கு இருப்பது கட்டை முடி, சுருள் கம்பளி இல்லை, அதை வைத்து நம்தா பண்ண முடியாது. மெஷினில் துவைக்கலாம் என்று போட்டு விற்கும் கம்பளியில் செதில்களைக் குளோரினால் மழுங்கடித்து, மேலே மெல்லிய பாலிமர் பூசியிருப்பார்கள், செதில் இல்லை, ஊர்தலும் இல்லை.

ஒரு கிளைக்கதை. மாட்டின் வயிற்றிலிருந்து சில சமயம் உருண்டையான முடிப்பந்து கிடைக்கும். அதைச் செய்வினை என்று காட்டிப் பணம் பறிக்கிறவர்கள் உண்டு. மாடும் கன்றும் தன்னையும் மற்றதையும் நக்கும்போது முடி உள்ளே போகிறது, ஈரம், சூடு, இரைப்பை ஓயாமல் போடும் பிசைதல், ஃபெல்ட் ஆக வேண்டிய எல்லாமே அங்கே இருக்கிறது. பரிகாரத்துக்குக் கொடுக்கும் காசைக் கால்நடை மருத்துவரிடம் கொடுத்தால் மாட்டுக்காவது பிரயோஜனம்.

சரி, பாலியஸ்டருக்குச் செதில் கிடையாதே? செதில் இழையில் இல்லையென்றால் ஊசியில் வைக்கலாம் என்று யோசித்தார்கள். ஸ்டேஷனரி கடையில் கைவேலைக்கு விற்கும் ஃபெல்ட் ஷீட், கார் டிக்கியில் ஒட்டியிருக்கும் விரிப்பு எல்லாம் பெரும்பாலும் இந்த ரகம். ஊசி முக்கோண உடம்பு கொண்டது, அதன் விளிம்புகளில் கீழ்நோக்கிய சின்னச் சின்ன வெட்டுகள் இருக்கும். இறங்கும்போது மேலே கிடக்கும் இழைகளை அந்த வெட்டுகள் கவ்விக் கீழே இழுத்துப் போகும், ஏறும்போது விட்டுவிடும். ஒரு சதுர சென்டிமீட்டரில் நூற்றுக்கணக்கான குத்துகள் விழும்போது, படுத்துக் கிடந்த இழைகளில் ஒரு பகுதி செங்குத்தாக இறங்கி அடுக்குகளைத் தைத்துவிடுகிறது. குத்து கூடக் கூட வலுவும் கூடும், ஒரு கட்டம் வரைதான். அதற்கு மேல் ஊசி இழைகளை இழுப்பதை விட்டு அறுக்க ஆரம்பிக்கும், வலு இறங்கும். வெட்டு மழுங்கிய பழைய ஊசி வேறு மாதிரி ஏமாற்றும், ஷீட் பார்க்க நன்றாக இருக்கும், பிடிப்பு இருக்காது. வாங்கும்போது ஒரு மூலையில் மேல் பக்கத்தையும் அடிப் பக்கத்தையும் நகத்தால் கிள்ளி எதிரெதிராக இழுத்துப் பாருங்கள், இரண்டு அடுக்காகப் பிரிந்து வந்தால் குத்து போதவில்லை என்று அர்த்தம்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தோலும் நெய்யாத துணிதான். கொலாஜன் என்ற புரதத்தின் இழைக் கட்டுகள் நூலும் தறியும் இல்லாமல் எல்லாத் திசையிலும் பின்னிக் கிடக்கின்றன. முதுகுப் பக்கம் நெருக்கமாகவும் வயிற்றுப் பக்கம் தளர்வாகவும் பின்னியிருப்பதால்தான் வயிற்றுத் துண்டு சீக்கிரம் இழுபட்டு வடிவம் கெடுகிறது.

இனி துணியின் மேல் சின்னச் சின்ன உருண்டை கட்டுவது. எந்த ஃபெல்ட்டிலும் இழை முனைகள் மேற்பரப்பில் துருத்திக்கொண்டிருக்கும். உரச உரச அவை இன்னும் கொஞ்சம் வெளியே வரும், பொசுபொசுவென்று ஆகும், பிறகு அந்தப் பொசுபொசுப்பே உரசலில் ஒன்றோடொன்று சிக்கி உருளும். கவனித்தால் அந்த உருண்டை ஒவ்வொன்றும் ஒரு குட்டி ஃபெல்ட். துணியை உண்டாக்கிய அதே வேலை, இப்போது மேற்பரப்பில் நமக்குத் தேவையில்லாமல் நடக்கிறது. நெய்த துணியில் நூலின் முறுக்கு முனைகளை ஓரளவு கட்டி வைக்கும், இங்கே முறுக்கே கிடையாது என்பதால் பிடி தளர்ந்த இழை சுலபமாக வெளியே வந்துவிடும். கம்பளியில் உருண்டையைத் தாங்கும் இழைகள் மெலிந்தவை, நாளடைவில் அறுந்து உருண்டை தானே உதிரும். பாலியஸ்டர் இழை வலுவானது, அறுந்து போகாது, அதனால் உருண்டை அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும். வலுவான இழைதான் பார்வைக்கு அசிங்கமாக இருக்கிறது! உருண்டையைக் கையால் பிய்க்காதீர்கள், பிய்க்கும்போது அடுத்த உருண்டைக்கான இழையையும் சேர்த்து வெளியே இழுத்துவிடுகிறீர்கள். பிளேடாலோ அதற்கென்று விற்கும் சின்ன மெஷினாலோ மேலோடு மழிப்பதுதான் சரி.

தாம்பூலப் பைக்கு வருவோம். அதில் செதிலும் இல்லை, ஊசியும் இல்லை, சூடுதான் பிடி. பாலிபுரோப்பிலீன் சுமார் 165 டிகிரியில் உருகும். அதை உருக்கி நுண்துளைகள் வழியே தள்ளி, காற்றால் இழுத்து, ஓடும் பெல்ட்டின் மேல் முடிவில்லாத இழைகளாகக் கொட்டுகிறார்கள். அப்புறம் புள்ளி புள்ளியாக மேடு வைத்த சூடான உருளைக்கும் இன்னோர் உருளைக்கும் நடுவே விடுகிறார்கள். பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அந்தப் புள்ளிகள் தெரியும். புள்ளிக்குள் இழைகள் உருகி ஒட்டியிருக்கின்றன, புள்ளிகளுக்கு நடுவே சும்மா கிடக்கின்றன.

இங்கேதான் வேடிக்கை. சூடு குறைந்தால் புள்ளி சரியாக ஒட்டாது, இழை உரிந்து வரும். சூடு கூடினால் புள்ளி கெட்டியான பிளாஸ்டிக் தகடாகிவிடும், அதன் விளிம்பில் இழை வலுவிழந்து நிற்கும். நன்றாக ஒட்டினால் நன்றாகத் தாங்கும் என்று தோன்றும், கிழிசல் அப்படி வேலை செய்வதில்லை. இழைகள் கொஞ்சம் நகர முடிந்தால், கிழிசலின் முனையில் நாலைந்து இழைகள் ஒன்றுகூடிச் சேர்ந்து எதிர்க்கும். அசையவே முடியாமல் ஒட்டிவிட்டால் ஒவ்வொன்றாக அகப்பட்டு அறுபடும், கிழிசல் புள்ளி விளிம்பிலிருந்து அடுத்த புள்ளி விளிம்புக்குத் தாவிக்கொண்டே போகும்.

காதை உடம்போடு சேர்ப்பதும் பெரும்பாலும் தையல் இல்லை, வேகமான அதிர்வால் சூடாக்கி ஒட்டும் அல்ட்ராசோனிக் வெல்டிங்தான், அதாவது இன்னும் பெரிய ஒரு புள்ளி. தேங்காயும் பழமும் சேர்ந்து ஒரு கிலோ இருக்கலாம், ஆனால் நடக்கும்போது பை ஆடுகிறது, மொத்த இழுப்பும் அந்த வெல்டிங்கின் ஓரத்தில் வந்து விழுகிறது. பிய்ந்த பையைக் குப்பையில் போடும் முன் பாருங்கள். ஒட்டிய இடம் அப்படியே இருந்து, அதைச் சுற்றிய துணி கிழிந்திருந்தால் சூடு அதிகம். காது ஒட்டிய தடத்தோடு சுத்தமாக உரிந்து வந்திருந்தால் சூடு போதவில்லை. பை உடம்பு நடுவில் கிழிந்திருந்தால் இரண்டு திசையிலும் கிழித்துப் பாருங்கள், பெல்ட் ஓடிய திசையில் இழைகள் அதிகம் படுத்திருப்பதால் அந்த வாக்கில் சுலபமாகக் கிழியும், குறுக்கே அடம் பிடிக்கும்.

வேலூர் வெயில் வேறு. பாலிபுரோப்பிலீனுக்குப் புற ஊதாக் கதிர் ஆகாது, அதைத் தாங்கும் மருந்து கலக்காத பையை மொட்டைமாடியில் சில மாதம் போட்டு வைத்தால் தொட்டதும் தூளாக உதிரும். மக்கிப் போய்விட்டது என்று சந்தோஷப்பட வேண்டாம், அது மண்ணாகவில்லை, சின்னச் சின்ன பிளாஸ்டிக் ஆகியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த பொருள்களின் பட்டியலில் இந்த நெய்யாத பையும் சேர்க்கப்பட்டது, ஆனால் தொட்டால் துணி மாதிரி இருப்பதால் கல்யாண மண்டபங்களில் யாரும் அதைப் பிளாஸ்டிக் என்று நினைப்பதே இல்லை. சந்தேகம் இருந்தால் ஓரத்தில் ஒரு விரல் அகலம் வெட்டி, வாசலில் வைத்துத் தீக்குச்சி காட்டுங்கள். பருத்தியானால் காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும், கம்பளியானால் முடி கருகும் நாற்றம் வரும், பாலிபுரோப்பிலீன் மெழுகு மாதிரி உருகிச் சொட்டும்.