திரும்பும் வழி ஏன் நீள்கிறது?

மொரீஷியஸின் வடக்குக் கடலில் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுத் தருகிறேன். படகை வாடகைக்கு எடுக்கும் நம் தமிழ்க் குடும்பங்களிடம் ஒரு கணக்கை மட்டும் கரையிலேயே போட்டுக் காட்டிவிடுவேன். அது திரும்பி வரும் வழியின் கணக்கு.

ஆண்டின் பெரும்பகுதி இங்கே காற்று தென்கிழக்கிலிருந்துதான் வீசுகிறது. கிராண்ட் கோபிலிருந்து வடமேற்கே 6 கிலோமீட்டர் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காற்று முதுகில் தள்ளுவதால் படகு நேராகப் பறக்கும். திரும்பும்போதோ கரை சரியாகக் காற்று வரும் திசையில் இருக்கும். படகின் முன்முனையான அணியத்தை நேராகக் காற்றுக்குள் திருப்பினால் பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும், படகு நின்றுவிடும். காற்றிலிருந்து ஏறக்குறைய 45 பாகை விலகினால்தான் பாய் விறைத்து உந்தும். ஆகவே ஒரு முறை இடப்பக்கம், ஒரு முறை வலப்பக்கம் என்று சாய்ந்து சாய்ந்துதான் ஏற வேண்டும். இதுதான் டாக்கிங்.

இப்படி ஏறும்போது 6 கிலோமீட்டர் ஏறக்குறைய எட்டரை ஆகிறது. இரண்டே நீண்ட ஓட்டமாக வந்தாலும், இருபது குறுகிய ஓட்டமாக வந்தாலும் கோணம் ஒன்றென்றால் தூரமும் அதேதான். அடிக்கடி திருப்பினால் தூரம் குறையும் என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில், ஒவ்வொரு திருப்பத்திலும் வேகம்தான் குறைகிறது.

தூரத்தைத் தீர்மானிப்பது கோணம்தான். காற்று படகைப் பக்கவாட்டிலும் தள்ளும். அலை அணியத்தை ஒதுக்கும். படகின் அடியில் நீருக்குள் இறங்கும் நடுப்பலகையை முழுதாக இறக்காவிட்டால் இந்த வழுக்கல் இன்னும் மோசம். திசைகாட்டிப்படி அணியம் காற்றிலிருந்து 45 பாகை விலகியிருக்கும்போதே படகு 55 பாகையில் போய்க்கொண்டிருக்கலாம். அப்போது அந்த 6 கிலோமீட்டர் பத்தரை ஆகிவிடும். 60 பாகை என்றால் முழுதாக 12. மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில், ஒரு மணி நேரத்தில் கரை சேரலாம் என்று எண்ணிய பயணம் இரண்டு மணி நேரம் பிடிக்கும். ஜூலையில் இங்கே ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். நான்கரைக்குத் திரும்பத் தொடங்குபவர்கள் இருட்டில், பவளப்பாறைக்கு நடுவே வழி தேட நேரிடும்.

பயந்துபோய் அணியத்தைக் காற்றை நோக்கி மேலும் நெருக்குவது உதவாது. பாயின் முன்விளிம்பு துடிக்கத் தொடங்கும், வேகம் விழும், வேகம் விழுந்ததும் வழுக்கல் கூடும்.

வழுக்கலைத் திசைகாட்டி காட்டாது. கைபேசி வரைபடத்தில் பதியும் உங்கள் தடம் காட்டும். ஒரு திருப்பத்தில் உங்கள் தடத்தின் திசை எத்தனை பாகை மாறுகிறது என்று பாருங்கள். 90 பாகைக்கு அருகில் இருந்தால் நல்லது. 120ஐ நெருங்கினால் நேர்தூரத்தைப் போல் இரு மடங்கு ஓடுகிறீர்கள். உடனே நடுப்பலகையைச் சரிபாருங்கள், பாயை இறுக்குங்கள். அப்படியும் கோணம் குறையாவிட்டால், வெளிச்சம் இருக்கும்போதே மோட்டாரைப் போடுங்கள். மோட்டார் இல்லாத படகென்றால், காலையில் முதலில் காற்றை எதிர்த்துத் தென்கிழக்கே ஏறுங்கள். களைத்த மாலையில் காற்றோடு திரும்பலாம்.