பத்து விழுக்காடு போதாது: பூச்சு வேலைக்குச் சிமெண்டும் மணலும் கணக்கிடுவது

சிராங்கூனில் ஒரு தரைவீடு. பின்பக்கம் புதிதாக நீட்டிக் கட்டிய அறைகளுக்குப் பூச்சு நடந்துகொண்டிருந்தது. பாதி வெளிச்சுவரில் சிமெண்ட் தீர்ந்துவிட்டது. மிச்சமிருந்த மூட்டையை வைத்து ஒப்பேற்ற, மணலைக் கூட்டிப் போட்டுக் கலவையை நீட்டியிருக்கிறார்கள். நான் போய்ச் சாவி முனையால் கீறினேன், மணல் பொலபொலவென்று உதிர்ந்தது. "பத்து விழுக்காடு கூடுதலாத்தானே தம்பி வாங்கினேன்?" என்றார் வீட்டுக்காரர். இந்த வார்த்தையை இன்னும் எத்தனை வீட்டில்தான் கேட்பது!

அவர் கணக்கைப் பாருங்கள். உள்சுவர் 100 சதுர மீட்டர், 12 மில்லிமீட்டர் தடிப்பு, சிமெண்ட் ஒன்றுக்கு மணல் ஆறு என்ற கலவை. வெளிச்சுவர் 60 சதுர மீட்டர், 20 மில்லிமீட்டர், ஒன்றுக்கு நான்கு. பரப்பைத் தடிப்பால் பெருக்கினால் இரண்டுக்கும் ஆளுக்கு 1.2 கன மீட்டர். அதோடு பத்து விழுக்காடு சேர்த்து, 50 கிலோ மூட்டையில் 13 மூட்டை, மணல் 2.2 கன மீட்டர் என்று வாங்கிவிட்டார்.

இதில் இரண்டு தப்பு. சுலபமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1.2 கன மீட்டர் என்பது சுவரில் ஒட்டியிருக்கும் ஈரக் கலவை. நாம் வாங்குவது உலர்ந்த பொருள். தண்ணீர் விட்டுக் கலந்தால் அது அமுங்கும். அதனால் ஈர அளவை 1.3ஆல் பெருக்கித்தான் பொருள் வாங்க வேண்டும்.

இரண்டாவது தப்பு அந்தப் பத்து விழுக்காடு. வரைபடத்தில் 12 என்று போட்டிருந்தால் சுவர் முழுக்க 12 நிற்கும் என்று நினைக்கிறார்கள். நிற்காது. செங்கல்லின் நீளமே தடிப்பாக வரும் ஒரு கல் சுவரில் கொத்தனார் நூல் பிடிப்பது ஒரு முகத்துக்குத்தான். கல் எல்லாம் ஒரே நீளம் இல்லை, ஆகவே மறுமுகம் மேடும் பள்ளமுமாகத்தான் வரும். ஆனால் பூசி முடித்த முகம் மட்டமாக இருந்தாக வேண்டும். இங்கே கட்டட, கட்டுமான ஆணையத்தின் கான்குவாஸ் தர மதிப்பீட்டில் 1.2 மீட்டர் நீளத்துக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் ஏற்ற இறக்கம் கூடாது. அப்படியானால் பின்னாலிருக்கும் பள்ளம் முழுவதையும் கலவைதான் விழுங்க வேண்டும்.

பள்ளத்துக்கு நீங்கள் பூசப்போகும் தடிப்பு தெரியாது. சராசரிப் பள்ளம் 4 மில்லிமீட்டர் என்றால் 12 மில்லிமீட்டர் பூச்சில் அது மூன்றில் ஒரு பங்கு கூடுதல், 20 மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரே விழுக்காட்டை இரண்டு சுவருக்கும் போட்டால் எப்படிச் சரிவரும்? கூடுதலை மில்லிமீட்டரில் அளங்கள், தயவுசெய்து.

அளப்பது கடினமில்லை. தூக்குக்குண்டும் நூலும் பிடித்து, சுவரில் ஆகத் துருத்தி நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அந்த மேட்டில் குறைந்தபட்சத் தடிப்பு நிற்கும்படி, பூச்சின் மட்டத்தைக் காட்டும் சின்னக் கலவைத் திட்டாகப் புள் மார்க் வையுங்கள். பிறகு அந்த மட்டத்தில் நூல் பிடித்து, சுவரின் பல இடங்களில் நூலுக்கும் கல்லுக்கும் உள்ள இடைவெளியை எழுதிக்கொள்ளுங்கள். இந்த வீட்டில் ஓர் உள்சுவரில் எடுத்தது: 12, 14, 15, 16, 16, 17, 17, 18, 19. சராசரி 16. வெளிச்சுவருக்கு 24 வந்தது.

இப்போது மறுபடி போடுவோம். உள்சுவர் 1.6 கன மீட்டர், 1.3ஆல் பெருக்கினால் 2.08. ஏழு பங்கில் ஒன்று சிமெண்ட், ஆறு மணல். ஒரு கன மீட்டர் சிமெண்டுக்கு 1,440 கிலோ என்று வைத்தால் சிமெண்ட் 428 கிலோ, மணல் 1.78 கன மீட்டர். வெளிச்சுவர் 1.44, பெருக்கினால் 1.87. ஐந்து பங்கில் ஒன்று சிமெண்ட், 539 கிலோ. மணல் 1.5. மொத்தம் 20 மூட்டை, மணல் 3.3 கன மீட்டர். அவர் வாங்கியது 13. கீழே சிந்துவதும் சலிக்கும்போது கழிவதும் இதில் சேரவில்லை, அதற்குத் தனியாகக் கொஞ்சம் விடுங்கள்.

நம் ஊர் மழையில் நனைந்த மணல் உப்பிக் கிடக்கும், பெட்டியால் அளந்தால் ஏமாற்றும். தார்ப்பாய் போட்டு மூடுங்கள்.

ஒரு பள்ளம் மட்டும் 30, 40 மில்லிமீட்டர் இருந்தால் அதைச் சராசரியில் சேர்த்து ஒரே தடவையில் பூசாதீர்கள். கனம் தாங்காமல் தொங்கும், காய்ந்ததும் தட்டினால் பொள்ளென்று சத்தம் வரும். பள்ளத்தை முதல் நாள் நிரப்பி, ஈரத்திலேயே கீறிவிட்டு, இறுகிய பிறகு அடுத்த பூச்சைக் கொடுங்கள். வெளிச்சுவரின் 24ஐயும் இரண்டு பூச்சாகவே கொடுக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு பொருள் தீர்ந்தால், மணலைக் கூட்டி நீட்ட வேண்டாம் என்று கொத்தனாரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். வேலையை நிறுத்தலாம். ஆனால் வெளிச்சுவரின் நடுவில் நிறுத்தினால் அந்த ஒட்டில் மழைநீர் இறங்கும், மூலை வரை முடித்துவிட்டு நிறுத்தச் சொல்லுங்கள்.