பட்டச் சான்றிதழ் மட்டும் போதுமா?

அறிவிப்புகளையும் விண்ணப்பப் படிவங்களையும் திருத்திக் கொடுப்பது என் வேலை. ஏற்கெனவே அச்சாகி வெளியே போய்விட்ட ஓர் அறிவிப்பை ஒருமுறை என்னிடம் கொண்டுவந்து, இதில் என்ன குறை என்று கேட்டார்கள். எழுத்துப்பிழை எதுவும் இல்லை. சிக்கல் இந்த வரியில் இருந்தது:

"பட்டச் சான்றிதழ் அல்லது மதிப்பெண் பட்டியல் மற்றும் அடையாள அட்டை இணைக்க வேண்டும்."

அடையாள அட்டை எல்லாரிடமும் வேண்டும், மற்ற இரண்டில் ஏதாவது ஒன்று போதும் என்பது எழுதியவரின் எண்ணம். படித்தவர்களில் பலரோ, பட்டச் சான்றிதழ் இருந்தால் அது ஒன்றே போதும், அது இல்லாதவர்தான் மற்ற இரண்டையும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்று எடுத்துக்கொண்டார்கள். அடையாள அட்டை இல்லையென்று அவர்களுடைய விண்ணப்பங்கள் ஒதுக்கப்பட்டன. அவர்கள் தவறாகப் படிக்கவில்லை. அந்த வரி இரண்டு பொருளுக்கும் இடம் கொடுக்கிறது.

கணினியின் தேடல் கட்டளைகளில் `AND` முதலில் சேரும், `OR` பிறகுதான் என்று பெரும்பாலும் விதி இருக்கிறது. அந்த விதிப்படி பார்த்தால்கூட விண்ணப்பித்தவர்கள் படித்ததுதான் சரி! மனிதர் படிக்கும் தமிழில் அப்படி ஒரு விதியே கிடையாது. அதனால் 'அல்லது', 'மற்றும்' இரண்டும் ஒரே வரியில் வந்தால் நான் உடனே நின்றுவிடுவேன். பட்டியலில் முதலில் இருப்பதைத் தனியே எடுத்து, "இது மட்டும் போதுமா?" என்று எழுதியவரையும் வேறொருவரையும் கேட்பேன். பதில் மாறினால் வரியை மாற்றியாக வேண்டும்.

இங்கே ஒரு காற்புள்ளியே உதவும்: "பட்டச் சான்றிதழ் அல்லது மதிப்பெண் பட்டியல், மற்றும் அடையாள அட்டை." புள்ளிக்கு முன்னால் உள்ளவை ஒரு குழு. அதே புள்ளியை 'அல்லது'வுக்கு முன்னால் வைத்தால் பொருள் தலைகீழாகிவிடும்.

ஆனால் பட்டியல் நீண்டால் காற்புள்ளி தாங்காது. பொருள்களைப் பிரிக்கவும் அதுவே, குழுக்களைப் பிரிக்கவும் அதுவே என்றால் படிப்பவர் எதை நம்புவார்? குழுக்களுக்கு நடுவே அரைப்புள்ளி வைக்க வேண்டும். "கொள்முதல், கிடங்கு மற்றும் கணக்கு மற்றும் தணிக்கைப் பிரிவுகள் தலா ஒருவரை அனுப்பவும்" என்ற சுற்றறிக்கைக்கு மூன்று பேர் வருவார்களா, நான்கு பேரா? "கொள்முதல்; கிடங்கு; கணக்கு மற்றும் தணிக்கை ஆகிய மூன்று பிரிவுகள்" என்று எழுதினால் குழப்பம் இல்லை. 'மூன்று' என்ற எண் அரைப்புள்ளிக்குக் காவல்.

அப்புறம், தொலைபேசியில் வாசித்துக் காட்டும்போது எந்தப் புள்ளியும் காதில் விழாது. அப்படி வாசிக்கப்படும் என்று தெரிந்தால் நான் 'மற்றும்', 'அல்லது' இரண்டையும் எடுத்துவிட்டு, நம் 'உம்'மையும் 'ஓ'வையும் போடுவேன். அந்த அறிவிப்பின் வரியையும் அப்படித்தான் மாற்றிக் கொடுத்தேன்: "அடையாள அட்டையை அனைவரும் இணைக்க வேண்டும். அதோடு பட்டச் சான்றிதழையோ மதிப்பெண் பட்டியலையோ இணைக்கவும்."