ஷோரூமுக்குப் போகும் முன் பார்க்கிங்கை அளந்துவிடுங்கள்

சென்னையில் டிங்கரிங், பெயிண்டிங் பட்டறை நடத்துகிறேன். அபார்ட்மென்ட்காரர்கள் கொண்டுவரும் புதுக் கார்களில் கீறல் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் இருக்கும்: பின்கதவு, பின்சக்கரத்துக்கு மேல் உள்ள தகடு, கதவின் விளிம்பு. தூணில் உரசியவை. ஆக, நம் பார்க்கிங்கில் தொல்லை தருவது காரின் நீளத்தைவிட அகலம்தான்.

'செடான் நீளம், சின்ன எஸ்யூவிதான் அடக்கம்' என்று பலர் நினைக்கிறார்கள். 4 மீட்டருக்குள் இருந்தால் வரி குறைவு என்பதால் டிசையரும் நெக்ஸானும் ஒரே 3995 மி.மீ. நீளம்தான். அகலத்தில்தான் வித்தியாசம்: டிசையர், ஸ்விஃப்ட் 1735, நெக்ஸான் 1804, வேகன் ஆர் 1620. இதில் சைடு மிரர் சேராது.

மேற்கு மாம்பலத்தில் ஒரு குடும்பம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், மூட்டுவலி உள்ள பாட்டி. நெக்ஸான் வாங்க நினைத்தார்கள். அவர்கள் இடத்தில் இரு தூண்களுக்கு நடுவே 2300 மி.மீ. இடப்பக்கம் 10 செ.மீ. விட்டு நிறுத்தினால், ஓட்டுபவர் இறங்க நெக்ஸானில் 40 செ.மீ.கூட மிஞ்சாது. டிசையரில் 46, வேகன் ஆரில் 58. சிரமமில்லாமல் இறங்க அரை மீட்டராவது வேண்டும். தூண் கதவுக்கு நேராக வராவிட்டால் இந்தக் கணக்கு மாறும்; அதனால் ரிவர்ஸில் விட்டால் தூண் எங்கே வருகிறது என்றும் பாருங்கள்.

பயணத்துக்கு டிக்கிதான் கணக்கு. நடுத்தர சூட்கேஸ் ஒன்று சுமார் 70 லிட்டர் இடம் பிடிக்கும். ஸ்விஃப்டில் 265 லிட்டர், வேகன் ஆரில் 341, டிசையரில் 382. ஹேட்ச்பேக்கில் கூரைவரை பெட்டி அடுக்காதீர்கள். பின்கண்ணாடி மறையும், திடீரென பிரேக் போட்டால் பெட்டி பின்சீட்டில் இருப்பவர் தலையில் விழும். சிஎன்ஜி சிலிண்டர் வைத்த பல மாடல்களில் டிக்கியே பெரும்பாலும் போய்விடும்.

டிசையரில் பாட்டியை உட்காரவைத்துப் பார்த்தார்கள். சீட் தாழ்வு, எழுந்திருக்கத் திணறினார். கடைசியில் வேகன் ஆர் எடுத்தார்கள். சீட் உயரம், டிக்கியும் போதும். குறை இல்லாமல் இல்லை: பின்னால் மூன்று பெரியவர்கள் நெருக்கமாகத்தான் உட்கார வேண்டும், உயரமான, எடை குறைந்த வண்டி என்பதால் ஹைவேயில் பக்கக் காற்று தள்ளும், வேகத்தை அடக்கித்தான் ஓட்ட வேண்டும். பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீட்டுக்கு நான் டிசையரைத்தான் சொல்வேன்.

உங்கள் கட்டடத்தில் லிஃப்ட் போல ஏற்றி இறக்கும் அடுக்கு பார்க்கிங் இருந்தால், தட்டின் உயர வரம்பை அசோசியேஷனிடம் கேளுங்கள். சில தட்டுகள் செடான் உயரத்துக்கு மட்டுமே செய்யப்பட்டவை. எஸ்யூவி மட்டுமல்ல, 1675 மி.மீ. உயர வேகன் ஆரும் அதில் நுழையாது.

காம்பாக்ட் எஸ்யூவிக்கு நான் சரி சொல்வது, அகலம் தாராளமாக இருந்து, இறங்கும் சரிவு செங்குத்தாக உள்ள வீடுகளுக்கு. டெஸ்ட் டிரைவில் ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டு அந்தச் சரிவிலேயே ஒருமுறை ஏறி இறங்குங்கள். அடி தட்டினால் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.