நிறமிடல்: ஒரு சொல்லும் ஓர் அரியர் அட்டவணையும்

‘கிராஃப் கலரிங்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டால் பலரும் சட்டென்று ‘வரைபடத்துக்கு வண்ணம் தீட்டுதல்’ என்பார்கள். அங்கேதான் சிக்கல். பள்ளிக் கணக்கில் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்து வரைவதும் வரைபடம், சுவரில் மாட்டியிருக்கும் தமிழ்நாட்டு மேப்பும் வரைபடம். நாம் பேசவிருக்கும் கிராஃப் இந்த இரண்டும் இல்லை. சில புள்ளிகள், அவற்றில் சிலவற்றைச் சேர்க்கும் கோடுகள், அவ்வளவுதான். கோடு வளைந்தால் என்ன, நீண்டால் என்ன, எதை எதனோடு சேர்க்கிறது என்பது மட்டுமே கணக்கு. இதற்குக் ‘கோட்டுரு’ என்று தமிழில் ஒரு சொல் புழங்குகிறது. கோடுகளால் ஆன உரு. வரைபடத்தோடு குழம்பாததால் எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

கிராஃப் என்பதற்கு மூலம், எழுதுதல், கீறுதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல். அதை இந்தப் புள்ளி-கோட்டுப் பொருளில் 1878இல் அச்சில் கொண்டுவந்தவர் சில்வெஸ்டர் என்ற கணிதர். வேதியியலில் அணுக்களையும் அவற்றின் பிணைப்புகளையும் வரைந்து காட்டும் படங்களைப் பார்த்து அவர் எடுத்த பெயர் அது. பாடநூல் தமிழில் புள்ளியை ‘முனை’ என்றும் கோட்டை ‘விளிம்பு’ என்றும் எழுதுகிறார்கள். பாத்திரத்துக்கு விளிம்பு உண்டு. இரண்டு புள்ளிகளைச் சேர்ப்பதை விளிம்பு என்பது எனக்கு ஒட்டவில்லை. கோட்டுருவிலேயே கோடு இருக்கிறது, நான் கோடு என்றே எழுதுகிறேன்.

நிறம் எங்கிருந்து வந்தது? மேப்பிலிருந்துதான். 1852இல் பிரான்சிஸ் குத்ரி என்பவர் இங்கிலாந்தின் கவுண்டிகளுக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தார். எல்லை பகிரும் இரண்டுக்கு ஒரே நிறம் வரக் கூடாது என்று வைத்துக்கொண்டால் நான்கு நிறம் போதுமாக இருந்தது. எந்த மேப்புக்கும் நான்கு போதுமா என்று அவருக்குக் கேள்வி எழ, தம்பி வழியாக அது டி மார்கன் என்ற பேராசிரியரிடம் போனது.

நம் ஊரிலேயே பார்க்கலாம். சேலத்தையும் ஈரோட்டையும் மட்டும் தீட்ட இரண்டு நிறம் போதும். 1997இல் சேலத்திலிருந்து நாமக்கல் பிரிந்தது. அது சேலத்தையும் தொடுகிறது, ஈரோட்டையும் தொடுகிறது. மூன்றும் ஒன்றையொன்று தொடுவதால் இப்போது மூன்றாவது நிறம் கட்டாயம். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு புள்ளி வைத்து, எல்லை பகிர்ந்தால் கோடு போட்டால், மேப் கோட்டுருவாகிவிடும். மூன்று மாவட்டமும் ஒரு முக்கோணம். கோட்டால் சேர்ந்த இரண்டு புள்ளிகளுக்கு ஒரே நிறம் கூடாது என்பதே ‘கோட்டுரு நிறமிடல்’. தேவைப்படும் மிகக் குறைந்த நிறங்களின் எண்ணிக்கை ‘நிற எண்’. முக்கோணத்தின் நிற எண் 3.

ஓர் எச்சரிக்கை. நான்கு நிறம் போதும் என்பது, ஒவ்வொரு பகுதியும் துண்டாகாமல் ஒட்டி இருக்கும் மேப்புக்கு மட்டும். புதுச்சேரியைப் போல காரைக்கால், மாஹே, ஏனாம் என்று சிதறிக் கிடப்பதையெல்லாம் ஒரே நிறத்தில்தான் தீட்டுவேன் என்று பல பகுதிகளுக்கும் பிடிவாதம் பிடித்தால், அந்த உத்தரவாதம் செல்லாது.

நிறமா, வண்ணமா? இரண்டும் சரிதான். வண்ணம் என்பதற்குச் செய்யுளில் சந்தம் என்ற பொருளும் இருப்பதால், நிறம் என்றே வைத்துக்கொள்கிறேன். எப்படியும் இந்தச் சொல்லில் நிறம் ஓர் உவமைதான். தேர்வு அட்டவணைக்கு வந்தால் தெரியும். ஒவ்வொரு தாளும் ஒரு புள்ளி. இரண்டு தாளையும் எழுத வேண்டிய மாணவர் ஒருவராவது இருந்தால் அவற்றுக்கு இடையே கோடு. நிறம் என்பது நாள். மேப்புக்குரிய நான்கு என்ற வரம்பு இங்கே கிடையாது. ஐந்து தாள்கள் ஒவ்வொன்றோடும் மற்றவை மோதினால் ஐந்து நாள் வேண்டும், வேறு வழியில்லை.

சேலத்தில் ஒரு கல்லூரியில் அரியர் உள்தேர்வுக்கு அட்டவணை போடும் வேலை ஒருமுறை என் தலையில் விழுந்தது. ஆறே தாள்கள். கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்று துறை. ஒவ்வொன்றிலும் ஒரு மேஜர் தாள், ஒரு அலைடு தாள். கணித மேஜர் மாணவர் அலைடாக இயற்பியலோ வேதியியலோ படிப்பார், அலைடு கணிதம் படிக்கமாட்டார். மற்ற துறைகளுக்கும் இப்படியே. ஆகவே ஒவ்வொரு மேஜர் தாளும் மற்ற இரண்டு துறைகளின் அலைடு தாள்களோடு மோதும், தன் துறை அலைடோடு மோதாது. யாருக்கும் இரண்டு மேஜர் அரியர் இல்லை, இரண்டு அலைடும் இல்லை. நாளைக்கு ஒரு வேளைதான் தேர்வு.

நான் செய்தது இதுதான். அலுவலகப் பட்டியலை எடுத்தேன். அது துறை வாரியாக இருந்தது. மேலிருந்து ஒவ்வொரு தாளாக எடுத்து, மோதல் இல்லாத முதல் நாளில் போட்டுக்கொண்டே வந்தேன். கணித மேஜர் முதல் நாள். கணித அலைடு அதோடு மோதவில்லை, அதுவும் முதல் நாள். இயற்பியல் மேஜர் கணித அலைடோடு மோதுகிறது, இரண்டாம் நாள். இயற்பியல் அலைடு கணித மேஜரோடு மோதுகிறது, அதுவும் இரண்டாம் நாள். வேதியியல் மேஜர், முதல் நாளில் இருக்கும் கணித அலைடோடும் மோதுகிறது, இரண்டாம் நாளில் இருக்கும் இயற்பியல் அலைடோடும் மோதுகிறது. மூன்றாம் நாள். வேதியியல் அலைடுக்கும் அதே கதி. மூன்று நாள். எந்தத் தாளும் எதோடும் இடிக்கவில்லை, நாளுக்கு இரண்டு தாள், பார்க்கவும் அழகாக இருந்தது. அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டேன்.

ஏற்காட்டிலிருந்து வரும் ஒரு மாணவி, “சார், மேஜர் எல்லாம் ஒரு நாள், அலைடு எல்லாம் ஒரு நாள்னு வெச்சா ரெண்டு நாள்ல முடிஞ்சிடுமே?” என்று கேட்டார். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, திரும்ப ஏறுபவர் அவர். அவருக்கு ஒரு நாள் என்பது லேசில்லை. அவர் சொன்னது அப்பட்டமான உண்மை. மேஜருக்கும் மேஜருக்கும் மோதல் இல்லை, அலைடுக்கும் அலைடுக்கும் இல்லை. நிற எண் 2. நான் மூன்று எடுத்திருந்தேன்.

நான் கையாண்டதற்கு ஆங்கிலத்தில் ‘கிரீடி’ முறை என்று பெயர். தமிழில் ‘பேராசை முறை’ என்று எழுதுகிறார்கள். பேராசை பெருநஷ்டம் என்ற பழமொழி வாய்க்கு வந்துவிடுவதால் சொல் நிலைத்துவிட்டது. ஆனால் பொருள் சரியாக விழவில்லை. பேராசைக்காரன் அதிகம் கேட்பான். இந்த முறையோ கிடைக்கிற முதல் நாளை வாங்கிக்கொண்டு நகர்கிறது. அதன் குறை வேறு: கைக்கு எட்டியதை எடுக்கும், எடுத்ததைத் திரும்பிப் பார்க்காது. ‘கைக்கெட்டிய முறை’ என்றால் நடப்பது விளங்கும். யாரும் அப்படி எழுதப்போவதில்லை என்பதும் தெரியும்.

திட்டு முழுதும் முறைக்குப் போகக் கூடாது. அதற்கு ஓர் உறுதி உண்டு: அதிகக் கோடுகள் கொண்ட புள்ளிக்கு எத்தனை கோடோ, அதைவிட ஒன்று கூடுதலான நிறங்களுக்கு மேல் அது ஒருபோதும் கேட்காது. என் அட்டவணையில் ஒவ்வொரு தாளுக்கும் இரண்டே மோதல். ஆகவே மூன்றைத் தாண்டியிருக்கவே முடியாது. குற்றம் வரிசையில். அதே முறையை மேஜர் மூன்றையும் முதலில், அலைடு மூன்றையும் பிறகு என்ற வரிசையில் ஓட்டியிருந்தால் இரண்டு நாளில் நின்றிருக்கும். எந்தக் கோட்டுருவுக்கும், இந்த முறை மிகக் குறைந்த நிறங்களையே தரும்படியான ஒரு வரிசையாவது உண்டு. அதைக் கண்டுபிடிப்பதுதான் பாடு. 1972இல் கார்ப் வெளியிட்ட 21 கடினக் கணக்குகளின் பட்டியலில் நிற எண்ணும் ஒன்று.

தப்பு எவ்வளவு பெரிதாகலாம்? இதே அமைப்பில் நான்கு துறை இருந்தால் துறைவாரி வரிசை நான்கு நாள் கேட்கும். பத்துத் துறை என்றால் பத்து நாள். உண்மையில் தேவை அப்போதும் இரண்டே நாள்.

சரி, மோதல் அதிகம் உள்ள தாளை முதலில் எடுத்தால்? வெல்ஷ், பவல் இருவரும் 1967இல் சொன்ன வழி அது. பெரும்பாலும் உதவும். இங்கே உதவாது, ஆறு தாளுக்கும் இரண்டிரண்டு மோதல், யார் முந்துவது என்று அதற்குத் தெரியாது. 1979இல் பிரெலாஸ் தந்த வழி இன்னும் கூர்மையானது. ஏற்கெனவே நாள் குறித்த தாள்களைப் பார்த்து, எந்தத் தாளுக்கு அதிக நாட்கள் அடைபட்டுப் போயினவோ அதை அடுத்து எடு என்கிறது. இரண்டே நிறத்தில் முடியக்கூடிய கோட்டுருவில் அது தவறுவதில்லை.

ஒட்டிவிட்ட அட்டவணை வீண் நாளைத் தின்கிறதா என்று எப்படி அறிவது? மூன்று நாள் போட்டிருந்தால், ஒன்றோடொன்று மோதும் மூன்று தாள்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இருந்தால் மூன்று நாள் நியாயம். இல்லையென்றால் சந்தேகப்படலாம், ஆனால் முடிவு கட்ட முடியாது. ஐந்து தாள்கள் வட்டமாக, ஒவ்வொன்றும் அடுத்ததோடு மட்டும் மோதினால், அங்கே முக்கோணம் இல்லை. ஆனாலும் மூன்று நாள் தேவை. ஒற்றைப்படை வளையம் எங்காவது உண்டா என்பதே கேள்வி. என் ஆறு தாள்களை வரைந்தால் ஆறு புள்ளி வளையம் ஒன்றுதான் கிடைக்கிறது. இரட்டைப்படை. இரண்டு போதும்.

பலகையில் ஒட்டியதைக் கிழிக்காமல் திருத்தும் வழியும் உண்டு, அதன் கதை சுவையானது. நான்கு நிறத் தேற்றத்தை நிறுவிவிட்டதாக 1879இல் கெம்பெ என்ற வழக்கறிஞர் அறிவித்தார். 1890இல் ஹீவுட் அதில் ஓட்டையைக் காட்டினார். ஆப்பெல், ஹேக்கன் இருவரும் கணினியின் துணையோடு அதை நிறுவியது 1976இல். கெம்பெயின் நிறுவல் விழுந்தது, அவர் கையாண்ட கருவி மட்டும் அட்டவணைக்காரர்களிடம் பிழைத்துக்கொண்டது. இரண்டு நாட்களை மட்டும் எடுத்து, அவற்றில் உள்ள தாள்களை மோதல் கோடுகள் வழியே தொடர்ந்து போனால் கிடைப்பது கெம்பெ சங்கிலி. ஒரு சங்கிலியில் உள்ள தாள்களுக்கு அந்த இரு நாட்களை மாற்றிப் போட்டால் புதிய மோதல் எதுவும் வராது.

முதல் நாளையும் மூன்றாம் நாளையும் எடுத்தேன். கணித மேஜரும் வேதியியல் அலைடும் மட்டும் ஒரு சங்கிலி. மாற்றினேன்: கணித மேஜர் மூன்றாம் நாள், வேதியியல் அலைடு முதல் நாள். இப்போது இயற்பியல் மேஜரோடு மோதும் இரண்டு அலைடும் முதல் நாளில் இருப்பதால், அது மூன்றாம் நாளுக்குப் போகலாம். இயற்பியல் அலைடோடு மோதும் இரண்டு மேஜரும் மூன்றாம் நாளில். அது முதல் நாளுக்கு வரலாம். இரண்டாம் நாள் காலியாகிவிட்டது.

அறை போதுமா, மேற்பார்வையாளர் கிடைப்பார்களா என்பதெல்லாம் நிறமிடலுக்குத் தெரியாது. நாளுக்கு மூன்று தாள் என்றானதும் எங்களுக்கு இன்னொரு அறை தேடவேண்டி வந்தது. கிடைத்தது. பழைய தாளின் மேலேயே புதியதை ஒட்டினேன்.