புது மேனேஜரின் முதல் மெயில்: கையில் இல்லாததை எழுதாதீர்கள்

காரைக்குடிப் பக்கம் பழைய செட்டிநாட்டு வீடுகளை ஹோட்டலாக நடத்தும் இடங்களுக்கு மனிதவள ஆலோசனை சொல்வது என் வேலை. புதிதாகச் சேரும் மேனேஜர்கள் முதல் மெயிலை அனுப்பும் முன் என்னிடம் காட்டுவார்கள். அநேகமாக எல்லாவற்றிலும் இந்த வரி இருக்கும்: "உங்கள் குறைகள் அனைத்தையும் விரைவில் தீர்ப்பேன்."

சமையலறையிலும் ரிசப்ஷனிலும் இருப்பவர்கள் அந்த வரியைத் தங்கள் குறையோடு சேர்த்துத்தான் படிப்பார்கள். ஒருவருக்கு அது சம்பள உயர்வு, இன்னொருவருக்கு வார விடுமுறை. இரண்டு மாதம் கழித்து, "அன்னைக்கு மெயில்ல சொன்னீங்களே சார்" என்று வந்து நிற்பார்கள். சம்பளமோ முதலாளி கையில் இருக்கும்.

அதனால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கச் சொல்வேன்: யாரையும் கேட்காமல் இதை நானே செய்ய முடியுமா? முடியும் என்றால் தேதியோடு எழுதலாம். முடியாது என்றால், எப்போது மேலே பேசுவேன், பதிலை எப்போது சொல்வேன் என்பதை மட்டும் எழுத வேண்டும்.

இதில் சிக்கலானது, முந்தைய மேனேஜர் வாய்வார்த்தையாகக் கொடுத்த வாக்கு. ஒரு ஹோட்டலில் மாசி–பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழாவுக்கு லீவு தருவதாகப் பலரிடம் சொல்லியிருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுத்தால் அறைகளை யார் பார்ப்பது? புது மேனேஜர் அதைப் பற்றிப் பேசாமல் விடவும் முடியாது, "அப்படியே தருகிறேன்" என்று எழுதவும் முடியாது. கடைசியில் இப்படி அனுப்பினோம்:

"வணக்கம். இன்று முதல் இங்கே மேனேஜராகச் சேர்ந்திருக்கிறேன். இதற்கு முன் மதுரையில் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷன் பொறுப்பில் இருந்தேன். சமையலறை வேலையை உங்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். இந்த மாத ஷிப்ட் அட்டவணையில் மாற்றம் இல்லை. அடுத்த வெள்ளிக்குள் ஒவ்வொருவரிடமும் கால் மணி நேரம் தனியாகப் பேசுவேன். திருவிழா லீவு பற்றி முன்பு உங்களிடம் சொல்லியிருந்தால் அப்போது தெரிவியுங்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, 20-ஆம் தேதி பதில் சொல்கிறேன். சம்பளம், போனஸ் முடிவுகள் நிர்வாகத்துடையவை; உங்கள் கேள்விகளை அவர்களிடம் கொண்டுபோய், கிடைத்த பதிலை அப்படியே உங்களிடம் சொல்வேன்."

இதில் முந்தையவரைப் பற்றி ஒரு குறையும் இல்லை, கவனித்தீர்களா? அவரோடு நல்லபடியாக வேலை பார்த்தவர்களும் இதைப் படிப்பார்கள். "நாம் ஒரே குடும்பம்" என்ற வரியையும் எடுத்துவிட்டோம். முதல் நாளில் அதை நம்ப யாருக்கும் காரணம் இல்லை.

இன்னொன்று, அறை சுத்தம் செய்பவர்கள் பலரும் மெயில் பார்ப்பதில்லை. அதே வாசகத்தை அச்செடுத்து வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் ஒட்டி, காலை ஷிப்ட் தொடங்கும்போது வாசித்தும் காட்ட வேண்டும்.

அப்புறம் அந்த 20-ஆம் தேதி. முடிவு கிடைக்கவில்லை என்றாலும் அன்று எழுதியே ஆக வேண்டும்: "இன்னும் பதில் வரவில்லை, 25-ஆம் தேதி மறுபடி கேட்கிறேன்." இந்த இரண்டாவது மெயிலைத்தான் பலரும் அனுப்பாமல் விட்டுவிடுகிறார்கள்.